ஒரே எட்டு அட்டைகள், மூன்று கணக்குகள்: பபுள், மெர்ஜ், குயிக் சார்ட்

கேள்வி: “வணக்கம் சார். நான் பினாங்கில் கணினித் துறையில் டிப்ளோமா படிக்கிறேன். ஒரு குயிஸில் பபுள் சார்ட்டின் பெஸ்ட் கேஸ் O(n) என்று போட்டேன், சரி என்றார்கள். அடுத்த குயிஸில் அதே விடையைத் தவறு என்றார்கள், O(n²) தான் சரியாம். வரிசையாக இருக்கும் பட்டியலில் குயிக் சார்ட்டைவிட பபுள் சார்ட் வேகம் என்றும் ஒரு கேள்வியில் வந்தது. குயிக் என்றாலே வேகம் இல்லையா? மூன்றையும் எப்படிப் பிரித்து நினைவில் வைப்பது?”

பதில்:

இரண்டு குயிஸும் சரிதான், தம்பி. இரண்டும் பபுள் சார்ட் என்ற ஒரே பெயரில் வழங்கும் இரு வேறு நிரல்களைப் பற்றிக் கேட்டிருக்கின்றன. பெயருக்கு ஒரு விடை என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நான் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் வாரக் கடைசியில் சில மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே அட்டவணையை எழுதிப் போடும் முன்னால், மணிலா அட்டையை எட்டுத் துண்டுகளாக வெட்டி, ஒன்று முதல் எட்டு வரை எண்களை எழுதி மேசைமேல் பரப்பிவிடுவேன். இங்கேயும் அந்த எட்டு அட்டைகளைக் கொண்டே பேசலாம். இரண்டு அட்டைகளைப் பார்த்து எது சிறியது என்று முடிவு செய்வதை ஓர் ஒப்பீடு என்று வைத்துக்கொண்டு, ஒப்பீடுகளை மட்டும் எண்ணுவோம்.

முதலில் ஒரு தவறான புரிதலை ஒதுக்கிவிட வேண்டும். பெஸ்ட் கேஸ் என்றவுடன் பல மாணவர்கள் “அட்டைகள் குறைவாக இருந்தால்” என்று நினைத்துக்கொள்கிறார்கள். பட்டியலில் ஒரே ஓர் எண் இருந்தால் எந்த முறையும் வேலையே இல்லாமல் முடிந்துவிடும், அதைச் சொல்வதற்கு ஒரு பாடம் தேவையில்லை. எண்ணிக்கையை மாற்றாமல், எட்டு என்றால் எட்டாகவே நிறுத்திவைத்து, அந்த எட்டும் எந்த அடுக்கில் வந்தால் வேலை மிகக் குறைவு, எந்த அடுக்கில் வந்தால் மிக அதிகம் என்று கேட்பதே பெஸ்ட் கேஸும் வர்ஸ்ட் கேஸும். தமிழ்ப்பள்ளியில் சபைகூடலுக்கு மாணவர்களை உயர வரிசையில் நிறுத்தும் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். நாற்பது பேர் என்பது ஒவ்வொரு நாளும் நாற்பதுதான், ஆனால் அவர்கள் எந்த ஒழுங்கில் வந்து நிற்கிறார்கள் என்பது நாளுக்கு நாள் மாறும். ஆசிரியரின் வேலை கூடுவதும் குறைவதும் அதைப் பொறுத்ததே.

இனி, எட்டு அட்டைகளும் 1 2 3 4 5 6 7 8 என்று ஏற்கனவே வரிசையாகவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உங்கள் முதல் குழப்பம் இந்த அடுக்கில்தான் பிறக்கிறது. பபுள் சார்ட் இப்படி எழுதப்பட்டிருந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள்.

```
def bubble(a):
    n = len(a)
    for i in range(n - 1):
        swapped = False
        for j in range(n - 1 - i):
            if a[j] > a[j + 1]:
                a[j], a[j + 1] = a[j + 1], a[j]
                swapped = True
        if not swapped:
            break
```

முதல் சுற்றில் 1-ஐ 2-உடன், 2-ஐ 3-உடன் என்று பக்கத்துப் பக்கத்து அட்டைகளை ஒப்பிட்டுக்கொண்டே போனால் ஏழு ஒப்பீடுகள் ஆகும். எங்கும் இடமாற்றம் நடக்கவில்லை, ஆகவே `swapped` கடைசி வரை `False` ஆகவே இருக்கிறது, நிரல் அங்கேயே நின்றுவிடுகிறது. எட்டுக்கு ஏழு, ஆயிரத்துக்கு 999, பொதுவில் n−1. இதுதான் O(n).

இப்போது `swapped` வருகிற மூன்று வரிகளையும், அதன் பின்னால் வரும் `break` வரியையும் விரலால் மறைத்துக்கொண்டு மீண்டும் படியுங்கள். நிரல் இன்னும் சரியாகவே வரிசைப்படுத்தும். ஆனால் பட்டியல் ஏற்கனவே ஒழுங்காக இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ள அதற்கு வழியே இல்லை. முதல் சுற்றில் ஏழு, இரண்டாம் சுற்றில் ஆறு, பிறகு ஐந்து என்று இறங்கி ஒன்று வரை போய் மொத்தம் 28 ஒப்பீடுகளைச் செய்துவிட்டுத்தான் ஓயும். எட்டு அட்டைகளையும் நேர்மாறாக அடுக்கிக் கொடுத்தாலும் அதே 28 தான். n(n−1)/2 என்ற அந்தக் கணக்கு O(n²). `swapped` என்ற கொடி இல்லாத இந்த நிரலுக்கு ஒப்பீடுகளின் எண்ணிக்கையில் பெஸ்ட் கேஸ், வர்ஸ்ட் கேஸ் என்ற வேறுபாடே கிடையாது. இடமாற்றங்களின் எண்ணிக்கை மட்டும் சுழியத்துக்கும் 28-க்கும் இடையே மாறும். உங்கள் இரண்டாவது குயிஸில் நிரல் கொடுத்திருந்தால் திரும்ப எடுத்துப் பாருங்கள், கொடி இருந்திருக்காது. நிரலைக் கொடுக்காமல் வெறுமனே “பபுள் சார்ட்டின் பெஸ்ட் கேஸ் என்ன” என்று கேட்பதை நான் அரைக் கேள்வி என்றே சொல்வேன். ஆனால் குயிஸ் தயாரிப்பவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். அப்படிக் கேட்டால், விடைகளில் O(n), O(n²) இரண்டும் இருக்கும்போது, உங்கள் விரிவுரையாளர் வகுப்பில் எழுதிக் காட்டிய நிரலில் கொடி இருந்ததா என்பதே உங்களுக்கு இருக்கும் ஒரே சான்று. பெரும்பாலான அட்டவணைகள் கொடி உள்ள வடிவத்தை மனத்தில் வைத்து O(n) என்றே போடுகின்றன.

பபுள் சார்ட்டை விடுவதற்கு முன், குயிஸ்களில் அடிக்கடி வரும் “கிட்டத்தட்ட வரிசையாக உள்ள பட்டியல்” என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓர் அட்டை மட்டும் இடம் மாறியிருக்கும் இரண்டு அடுக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடுக்கு 8 1 2 3 4 5 6 7. முதல் சுற்றிலேயே எட்டு ஒவ்வோர் அட்டையாகத் தாண்டி வலக்கோடிக்குப் போய்விடும். இரண்டாம் சுற்றில் ஆறு ஒப்பீடுகள் செய்து, இடமாற்றம் இல்லை என்று கண்டு, நிரல் நிற்கும். மொத்தம் 13. இரண்டாம் அடுக்கு 2 3 4 5 6 7 8 1. இங்கேயும் இடம் தவறியது ஓர் அட்டைதான், தேவையான இடமாற்றங்களும் முன்போலவே ஏழுதான். ஆனால் 1 என்ற அட்டை ஒரு சுற்றுக்கு இடப்பக்கம் ஒரே ஓர் இடம்தான் நகரும். ஏழு சுற்றுகளிலும் இடமாற்றம் நடப்பதால் கொடி ஒருமுறைகூட உதவிக்கு வராது, ஒப்பீடுகள் 28 ஆகிவிடும். அதாவது கண்ணுக்கு ஏறக்குறைய ஒழுங்காகத் தெரியும் பட்டியலே பபுள் சார்ட்டுக்கு முழு வர்ஸ்ட் கேஸ் ஒப்பீடுகளையும் கொடுத்துவிடும். பெரிய எண் முன்னால் இருந்தால் விரைவாகப் பின்னுக்குப் போகும், சிறிய எண் பின்னால் சிக்கினால் ஆமைபோல நகரும். ஆகவே “கிட்டத்தட்ட வரிசையாக இருந்தால் O(n)” என்ற விடையைக் கண்டதும் டிக் செய்துவிடாதீர்கள்.

மெர்ஜ் சார்ட்டுக்கு வருவோம். அதே வரிசையான எட்டு அட்டைகளை அது முதலில் நான்கு நான்காகவும், பிறகு இரண்டு இரண்டாகவும், பிறகு தனித்தனியாகவும் பிரிக்கும். பிரிக்கும்போது அட்டையில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை, நடுவில் வெட்டுகிறது, அவ்வளவுதான். இந்த முறையின் குணம் முழுவதும் அந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது. எண்களைப் பார்க்காமல் வெட்டுவதால் வெட்டு எப்போதும் பாதிப்பாதியாகவே விழும், எந்த அடுக்கைக் கொடுத்தும் அதைக் கெடுக்க முடியாது. எட்டு அட்டைகளுக்கு மூன்று நிலைகள், ஆயிரத்து இருபத்து நான்குக்குப் பத்து நிலைகள், பொதுவில் log n நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் n அட்டைகளும் ஒருமுறை கையால் எடுத்து வைக்கப்படுகின்றன. n log n என்பது இப்படித்தான் வருகிறது, இங்கே log என்பது இரண்டின் அடிமானத்தில்.

அப்படியானால் அடுக்கைப் பொறுத்து எதுவுமே மாறாதா? மாறும், ஆனால் சிறிதளவே. இரண்டு குவியல்களை இணைக்கும்போது ஒரு குவியல் தீர்ந்துபோனால் மற்றதில் மிஞ்சியதை ஒப்பிடாமலே அப்படியே வைத்துவிடலாம். வரிசையான அடுக்கில் இடக் குவியல் முழுவதும் முதலில் தீர்ந்துவிடுவதால், சோடிகளை இணைக்க நான்கு, நான்கு நான்காக இணைக்க நான்கு, கடைசி இணைப்புக்கு நான்கு என்று மொத்தம் 12 ஒப்பீடுகள் போதும். நேர்மாறான அடுக்கில் வலக் குவியல் முதலில் தீரும், அங்கேயும் 12 தான். இதைச் சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை, தாளில் எண்ணிப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டு குவியல்களும் கடைசி அட்டை வரை போட்டி போடும்போதுதான் வேலை அதிகம். 1 5 3 7 2 6 4 8 என்று அடுக்கினால் அது நடக்கும். சோடிகளுக்கு நான்கு, அடுத்த நிலையில் மும்மூன்றாக ஆறு, கடைசியில் 1 3 5 7 என்பதையும் 2 4 6 8 என்பதையும் இணைக்க ஏழு, ஆக மொத்தம் 17. எட்டு அட்டைகளில் மெர்ஜ் சார்ட்டின் மிகக் கூடிய கணக்கு இவ்வளவுதான். அட்டைகள் 1024 ஆனாலும் மிகக் குறைவு 5,120, மிக அதிகம் 9,217. இரண்டு மடங்குக்குக்கூட எட்டாத இந்த இடைவெளியைப் பெரிய ஓ குறியீடு கண்டுகொள்வதில்லை. அதனால்தான் இரண்டு நிலைக்கும் O(n log n) என்று ஒரே விடை. “பெஸ்ட் கேஸும் வர்ஸ்ட் கேஸும் ஒன்றாக இருக்கும் முறை எது” என்ற கேள்விக்கு இந்த மூன்றில் மெர்ஜ் சார்ட்டைச் சொல்வது இதனால்தான்.

அதற்கான விலையை அது வேறிடத்தில் கொடுக்கிறது. இணைக்கும்போது அட்டைகளை வைக்க இன்னொரு மேசை வேண்டும், அதாவது n அளவு கூடுதல் நினைவகம். நீங்கள் நேரத்தைப் பற்றித்தான் கேட்டீர்கள் என்பதால் அதை இத்துடன் விடுகிறேன்.

இப்போது குயிக் சார்ட். கணினி அறிஞர் டோனி ஹோர் இதை 1961-இல் வெளியிட்டார். பெயரிலேயே வேகம் இருப்பதால் எந்த அடுக்கிலும் இது வெல்லும் என்று தோன்றுவது இயல்புதான். பாடங்களில் மிகுதியாகக் காணும் வடிவம் கீழே உள்ளது. கடைசி அட்டையைப் பிவட்டாக எடுத்துக்கொண்டு, அதைவிடச் சிறியவற்றை இடப்பக்கம் தள்ளி, மற்றவற்றை வலப்பக்கம் விட்டு, இரண்டுக்கும் நடுவில் பிவட்டைக் கொண்டுவந்து வைக்கும்.

```
def quick(a, lo, hi):
    if lo >= hi:
        return
    p, i = a[hi], lo
    for j in range(lo, hi):
        if a[j] < p:
            a[i], a[j] = a[j], a[i]
            i += 1
    a[i], a[hi] = a[hi], a[i]
    quick(a, lo, i - 1)
    quick(a, i + 1, hi)
```

1 2 3 4 5 6 7 8 என்ற அடுக்கை இதனிடம் கொடுங்கள். பிவட் 8. மற்ற ஏழு அட்டைகளையும் அதனுடன் ஒப்பிட்டால் ஏழும் சிறியவை, எல்லாம் இடப்பக்கம் நிற்கும், வலப்பக்கம் வெறுமை. ஏழு ஒப்பீடுகள் செய்து ஓர் அட்டையை மட்டுமே ஒதுக்கியிருக்கிறோம். அடுத்து மீதி ஏழில் பிவட் 7, ஆறு ஒப்பீடுகள், மீண்டும் ஓர் அட்டைதான் கழிந்தது. இப்படியே போனால் 7+6+5+4+3+2+1, அதே 28. மெர்ஜ் சார்ட் எண்களைப் பார்க்காமல் வெட்டியது, குயிக் சார்ட் எண்ணைப் பார்த்து வெட்டுகிறது. ஆகவே வெட்டு எங்கே விழும் என்பதைப் பட்டியலே தீர்மானிக்கிறது, ஓரத்திலேயே விழும்படியும் அது செய்துவிடலாம். நேர்மாறான அடுக்கில் முதலில் 1 பிவட்டாகி ஓரத்துக்குப் போகும், அடுத்து 8, அடுத்து 2 என்று பிவட் ஒவ்வொரு முறையும் மிகச் சிறியதாகவோ மிகப் பெரியதாகவோ அமைவதால் அங்கேயும் 28 தான்.

ஆக வரிசையான ஒரே எட்டு அட்டைகளுக்குக் கொடியுள்ள பபுள் சார்ட் 7, மெர்ஜ் சார்ட் 12, கடைசி அட்டையைப் பிவட்டாக எடுக்கும் குயிக் சார்ட் 28. உங்கள் குயிஸில் பபுள் சார்ட்தான் வேகம் என்று வந்தது இதைத்தான். ஒன்றின் பெஸ்ட் கேஸ் அடுக்கு மற்றொன்றின் வர்ஸ்ட் கேஸ் அடுக்காக இருக்கிறது. பெஸ்ட் கேஸ் என்பது பட்டியலின் பண்பு அன்று, பட்டியலும் முறையும் சந்திக்கும் இடத்தில் பிறக்கும் பண்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

இதே முறையின் பெஸ்ட் கேஸ் எப்படி இருக்கும்? பிவட் ஒவ்வொரு முறையும் நடு மதிப்பாக விழ வேண்டும். அப்படி ஓர் அடுக்கைக் கையால் செய்து பார்க்கலாம்: 1 3 2 6 5 8 7 4. பிவட் 4. ஏழு ஒப்பீடுகளுக்குப் பிறகு 1 3 2 இடப்பக்கம், 4 தன் இடத்தில், 5 8 7 6 வலப்பக்கம். இடப்பக்கத்தில் பிவட் 2, இரண்டு ஒப்பீடுகள், முடிந்தது. வலப்பக்கத்தில் பிவட் 6, மூன்று ஒப்பீடுகள், 5 ஒரு புறமும் 7 8 மறுபுறமும் பிரியும். 7 8 என்ற சோடிக்கு இன்னும் ஓர் ஒப்பீடு. கூட்டினால் 7+2+3+1, மொத்தம் 13. எட்டு அட்டைகளில் குயிக் சார்ட் இதற்குக் கீழே இறங்க முடியாது. இதே அடுக்கைக் கொடியுள்ள பபுள் சார்ட்டிடம் கொடுத்தால் நான்கு சுற்றுகள் இடமாற்றம் செய்து, ஐந்தாம் சுற்றில் சரிபார்த்து நின்று, 25 ஒப்பீடுகள் எடுக்கும். மெர்ஜ் சார்ட்டுக்கு 16 ஆகும். சற்று முன் 7, 12, 28 என்று ஏறிய கணக்கு இப்போது 25, 16, 13 என்று இறங்கிவிட்டது. மாணவர்களிடம் நான் அட்டவணைக்குப் பதிலாக இந்த இரண்டு அடுக்குகளைத்தான் நினைவில் வைக்கச் சொல்கிறேன். தேர்வறையில் மறந்துபோனாலும் தாளின் ஓரத்தில் எண்ணிப் பார்த்து மீட்டுக்கொள்ளலாம்.

குயிக் சார்ட்டைப் பற்றிய கேள்வியில் நீங்கள் முதலில் தேட வேண்டியது பிவட் எது என்ற செய்திதான். முதல் அட்டை அல்லது கடைசி அட்டை என்றால் வரிசையான பட்டியல் வர்ஸ்ட் கேஸ். நடு இடத்தில் இருக்கும் அட்டை என்றால் அதே வரிசையான பட்டியல் பெஸ்ட் கேஸாக மாறிவிடும், ஏனெனில் வரிசையான பட்டியலின் நடு இடத்தில் இருப்பது நடு மதிப்பேதான். அப்போதும் முறையின் வர்ஸ்ட் கேஸ் O(n²) ஆகவே இருக்கும், அதைத் தூண்டும் அடுக்குதான் வேறாகிறது. பிவட்டைக் குலுக்கல் முறையில் எடுத்தால் வர்ஸ்ட் கேஸ் O(n log n) ஆகிவிடும் என்ற விடையையும் பல குயிஸ்களில் பொறியாக வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. குலுக்கலில் ஒவ்வொரு முறையும் ஓர அட்டையே விழுவதற்கு வாய்ப்பு மிக அரிது, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. குலுக்கல் செய்வதெல்லாம், இந்த அடுக்கைக் கொடுத்தால் நிச்சயம் மோசமாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி ஆக்குவதுதான். எதிர்பார்க்கும் நேரம் O(n log n), வர்ஸ்ட் கேஸ் O(n²), இரண்டையும் கலக்கக் கூடாது.

இந்த வர்ஸ்ட் கேஸ் வெறும் தாள் கணக்கு அன்று. சென்ற பருவத்தில் என் வகுப்பு மாணவி ஒருவர், மேலே உள்ள குயிக் சார்ட்டைப் பைத்தானில் எழுதி, இரண்டாயிரம் எண்களைக் குலுக்கிக் கொடுத்து ஓட்டிக் காட்டினார். இமைக்கும் நேரத்தில் முடிந்தது. “இன்னொரு தடவை ஓட்டுகிறேன், பாருங்கள் சார்” என்று பட்டியலை மீண்டும் குலுக்காமல், சார்ட் செய்யும் வரியை மட்டும் திரும்ப ஓட்டினார். திரையில் `RecursionError: maximum recursion depth exceeded` என்று வந்து நின்றது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பதால் கணினிதான் கெட்டுவிட்டது என்று அவர் நினைத்துவிட்டார். நடந்தது என்னவென்றால், முதல் ஓட்டத்திலேயே பட்டியல் வரிசையாகிவிட்டது. இரண்டாம் ஓட்டத்துக்குக் கிடைத்தது வரிசையான பட்டியல், அதாவது இந்த நிரலின் வர்ஸ்ட் கேஸ். ஒவ்வொரு பிவட்டும் ஓர் அட்டையை மட்டும் கழிப்பதால் `quick` தன்னைத்தானே ஏறக்குறைய இரண்டாயிரம் ஆழத்துக்கு அழைக்க வேண்டியிருந்தது, பைத்தானோ வழக்கமாக ஆயிரத்திலேயே தடுத்துவிடும். குலுக்கிய பட்டியலில் அந்த ஆழம் அந்த எல்லைக்கு அருகில்கூடப் போவதில்லை. உங்கள் நிரலும் குலுக்கிய பட்டியலில் ஓடி, `list(range(2000))` என்ற பட்டியலில் மட்டும் இப்படி விழுந்தால், காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம், பிவட் எடுக்கும் வரியைப் பாருங்கள்.

குயிஸ்களில் அரிதாக வந்தாலும் வந்தால் பலரைக் கவிழ்க்கும் கேள்வி ஒன்று உண்டு: எல்லா எண்களும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும்? எட்டு அட்டையிலும் 5 என்றே எழுதியிருக்கட்டும். கொடியுள்ள பபுள் சார்ட் `>` என்று கேட்பதால் இடமாற்றமே இல்லாமல் ஏழு ஒப்பீடுகளில் நிற்கும். மெர்ஜ் சார்ட் தன் வழக்கப்படி 12. மேலே உள்ள குயிக் சார்ட்டில் எந்த அட்டையும் பிவட்டைவிடச் சிறியது அல்ல, எல்லாம் வலப்பக்கமே நிற்கும், ஆகவே 28. பிவட்டைக் குலுக்கி எடுத்தாலும் இங்கே பயன் இல்லை, எந்த அட்டையை எடுத்தாலும் அதே ஐந்துதான். `<` என்பதை `<=` என்று மாற்றினால் தீர்ந்துவிடும் என்று ஒரு மாணவர் சொன்னார். தீராது, எல்லாம் இப்போது இடப்பக்கம் குவியும், கணக்கு அதே 28. இரு முனைகளிலிருந்தும் உள்நோக்கி வரும் ஹோரின் பிரிப்பு முறை சமமான எண்களில் நின்று இடம் மாற்றிக்கொள்வதால் இந்தக் குழியில் விழுவதில்லை. சிறியது, சமம், பெரியது என்று மூன்றாகப் பிரிக்கும் வடிவமோ ஒரே சுற்றில் முடித்துவிடும்.

மெர்ஜ் சார்ட்டுக்கும் இதுபோல ஒரு விதிவிலக்கு இருப்பதைச் சொல்லாவிட்டால் கணக்கு நேர்மையாகாது. இணைக்கும் முன் இடக் குவியலின் கடைசி அட்டை வலக் குவியலின் முதல் அட்டையைவிடப் பெரியதா என்று ஒரு கேள்வி கேட்டு, பெரியது இல்லையென்றால் இணைக்காமலே விட்டுவிடும் வடிவம் உண்டு. அதற்கு வரிசையான எட்டு அட்டைகளில் 4+2+1, மொத்தம் ஏழு ஒப்பீடுகள்தான். பபுள் சார்ட்டின் அதே n−1. பைத்தானின் `sorted` பயன்படுத்தும் டிம்சார்ட் இந்த எண்ணத்தை இன்னும் முன்னே கொண்டுபோகும் முறை, அதன் பெஸ்ட் கேஸும் O(n). ஆனால் குயிஸில் வெறுமனே மெர்ஜ் சார்ட் என்றால் இந்தச் சோதனை இல்லாத பாட வடிவத்தையே எடுத்துக்கொண்டு O(n log n) என்று போடுங்கள்.

கடைசியாக, விடைத் தெரிவுகளில் ஒளிந்திருக்கும் ஒரு நுட்பம். பெரிய ஓ என்பது “இதற்கு மேல் போகாது” என்ற உச்ச வரம்பு மட்டுமே. பெஸ்ட் கேஸ், வர்ஸ்ட் கேஸ் என்பவை எந்த அடுக்கைப் பேசுகிறோம் என்பதைச் சொல்கின்றன. ஓ, ஒமேகா, தீட்டா என்பவை அந்த அடுக்குக்கான எண்ணிக்கையை மேலிருந்து கட்டுகிறோமா, கீழிருந்து கட்டுகிறோமா, இரு புறமுமா என்பதைச் சொல்கின்றன. இவை இரண்டு தனிக் கேள்விகள். பெஸ்ட் கேஸுக்கு ஒமேகா, வர்ஸ்ட் கேஸுக்கு ஓ என்று சோடி சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது பரவலாக இருக்கிறது, அது வசதிக்கான பழக்கமே தவிர வரையறை அன்று. ஆகவே “மெர்ஜ் சார்ட்டின் வர்ஸ்ட் கேஸ் O(n²) என்பது சரியா, தவறா” என்று கண்டிப்பான ஒருவர் கேட்டால் “சரி” என்பதே விடை, 9,217 என்பது 1024-இன் வர்க்கத்தைத் தாண்டாது அல்லவா. ஆனால் நான்கு தெரிவுகளில் O(n log n), O(n²) இரண்டும் இருந்தால் மிக நெருக்கமான வரம்பைத்தான் கேட்கிறார்கள், O(n log n) என்பதைத் தேர்ந்தெடுங்கள். குயிக் சார்ட்டின் வர்ஸ்ட் கேஸ் Θ(n log n) என்று ஒரு தெரிவு இருந்தால் அது எந்த வகையிலும் பொருந்தாது, 1023 அட்டைகளில் அதன் மிகக் குறைந்த கணக்கு 8,194 என்றாலும் மிக அதிகமான கணக்கு 522,753 வரை போகும்.

உங்கள் இரண்டாவது குயிஸின் கேள்வித்தாள் கையில் இருந்தால், அந்தக் கேள்வியில் உள்ள உள் சுழல் `n - 1 - i` வரை ஓடுகிறதா, `n - 1` வரை ஓடுகிறதா என்றும் பாருங்கள். கொடியும் இல்லாமல், சுழலும் சுருங்காமல் இருந்தால் எட்டு அட்டைக்கு 28 ஒப்பீடு ஆகாது, ஏழு சுற்றும் ஏழேழாக 49 ஆகும். O குறியீட்டில் அது அதே O(n²) தான். ஆனால் “எத்தனை ஒப்பீடுகள்” என்று எண்ணிக்கையாகக் கேட்டிருந்தால் விடை மாறிவிடும்.